கதவடியில் ஒரு மர ஆப்பு

காற்றில் அடித்துச் சாத்தப் பார்க்கும் கதவை ஒரு சின்ன மர ஆப்பு நிறுத்திவிடுகிறது. அதன் எடையால் அல்ல, உராய்வுக் கோணத்தால்.

ரப்பரை ஒரு பலகையில் வைத்து மெல்லச் சாய்த்தால், அது நழுவத் தொடங்கும் சாய்வே அந்த ஜோடியின் உராய்வுக் கோணம். ரப்பருக்கும் உலர்ந்த தரைக்கும் இடையே இது ஏறத்தாழ 31 பாகை. வழவழப்பான மரத்தின் மேல் கதவின் அடிவிளிம்புக்குச் சுமார் 11.

12 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரம் கொண்ட, அடியில் ரப்பர் ஒட்டிய ஆப்பின் சரிவு 14 பாகை. கதவு அதன்மேல் ஏறும்போது, விசை செங்குத்திலிருந்து 14-உம் 11-உம் சேர்ந்து 25 பாகை சாய்கிறது. தரையோ 31 வரை தாங்கும். அதனால் ஆப்பு நகராது. கதவுதான் சரிவில் ஏறி, ஆப்பைத் தரையோடு இன்னும் அழுத்துகிறது. தள்ளத் தள்ள இறுகும் மர்மம் இதுதான்.

தரை நனைந்து அதன் கோணம் 11-க்கு இறங்கினால் கணக்கு தலைகீழ். கதவோடு ஆப்பும் வழுக்கிப் போகும். இறுக்கி அடித்தாலும் பயனில்லை. தரையையும் ரப்பரையும் துடைக்க வேண்டும். அடியில் சொரசொரப்பு, மேலே வழவழப்பு: தலைகீழாக வைத்தால் அதே ஆப்பு எளிதில் நழுவும்.