மூன்று நாட்டுப் பணம், ஒரே கணக்கு

கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர். ஒருவர் சென்னையில் இருக்கிறார், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் துபாயில். மூவரும் தாய்லாந்தில் சந்தித்து ஊர் சுற்றுகிறார்கள். அங்கே செலவெல்லாம் பாட்டில். ஆனால் பணம் போவது ஒருவருக்கு ரூபாயில், ஒருவருக்கு சிங்கப்பூர் டாலரில், இன்னொருவருக்கு திர்ஹாமில். ஊர் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் பில்களைப் போட்டு, கூட்டி, மூன்றால் வகுப்பார்கள். வழக்கமாகக் கணக்கு கோணுவது இந்த இடத்தில்தான். பில்லில் இருக்கும் தொகையும், கொடுத்தவர் கையைவிட்டுப் போன தொகையும் ஒன்றல்ல.

எண்களை எளிதாக வைத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு சிங்கப்பூர் டாலர் 25 பாட், ஒரு திர்ஹாம் 9 பாட், ஒரு பாட் 2.60 ரூபாய். இவை கூகுளில் தேடினால் வரும் வகையான நடு விகிதங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்பவை என்பதால் இந்த விலைக்கு எந்தக் கடையும் பணம் மாற்றித் தராது. ஆனால் யார் பக்கமும் சாயாத அளவுகோல் என்பதால் கணக்குக்கு இதுதான் வசதி.

சிங்கப்பூர்க்காரர் விடுதிக்கு 18,000 பாட் கட்டினார். நடு விகிதப்படி 720 டாலர். அவருடைய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் சேர்ந்து 738 டாலர் பிடித்தார்கள்.

சென்னைக்காரர் படகுக்கும் சாப்பாட்டுக்கும் கார்டில் 9,000 பாட் கொடுத்தார். நடு விகிதப்படி 23,400 ரூபாய். இந்தியக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்-அப் உண்டு. அந்த மார்க்-அப்பின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். ஆக அவருக்கு ஆன செலவு ஏறக்குறைய 24,366 ரூபாய். சில வங்கிகளின் ஸ்டேட்மென்டில் இந்த மார்க்-அப்பும் ஜிஎஸ்டியும் தனித்தனி வரிகளாக, சற்றுக் கீழே தள்ளி வரும். எஸ்எம்எஸ்ஸில் வந்த தொகையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுபவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். ஸ்டேட்மென்ட் வந்த பிறகு ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

துபாய்க்காரர் கையிருப்பாகக் கொண்டுபோன 1,000 திர்ஹாமை அங்கே மாற்றினார். நடு விகிதத்தில் 9,000 பாட் வந்திருக்க வேண்டும், கடைக்காரர் கொடுத்தது 8,800. அதில் 6,600 பாட் டாக்ஸி, நுழைவுச்சீட்டு என்று பொதுச் செலவுக்குப் போனது. மீதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். மாற்றிய பணத்தில் முக்கால் பங்கு பொதுவுக்குப் போயிருக்கிறது. ஆகவே அவருடைய பொதுச் செலவு 750 திர்ஹாம்.

பில்களை மட்டும் கூட்டினால் 33,600 பாட். தலைக்கு 11,200. சிங்கப்பூர்க்காரருக்கு 6,800 வர வேண்டும், சென்னைக்காரர் 2,200 தர வேண்டும், துபாய்க்காரர் 4,600 தர வேண்டும். பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் கார்டுக் கட்டணமும் பணம் மாற்றியதில் விட்ட காசும் கொடுத்தவர் தலையிலேயே விழுந்துவிட்டன.

இப்போது கையைவிட்டுப் போன தொகையை எடுத்து நடு விகிதத்தில் பாட்டாக மாற்றுவோம். 738 டாலர் 18,450 பாட் ஆகிறது. 24,366 ரூபாய் 9,372 பாட். 750 திர்ஹாம் 6,750 பாட். மொத்தம் 34,572, தலைக்கு 11,524. சிங்கப்பூர்க்காரருக்கு 6,926 வர வேண்டும். சென்னைக்காரர் 2,152, துபாய்க்காரர் 4,774 தர வேண்டும். பணம் மாற்றியதில் கரைந்த 972 பாட் மூவருக்கும் சமமாக 324 வீதம் பிரிந்துவிட்டது. முதல் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் ஆளுக்கு இருநூறு பாட்டைத் தாண்டவில்லை என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒருவரே கார்டைத் தேய்க்கும் குழுவில், லட்ச ரூபாய்க்கு நாலாயிரத்துச் சொச்சம் அவர் ஒருவர் தலையில் ஏறும். தாராள மனத்தோடு கார்டை நீட்டுபவருக்கே நட்டம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கடையில் கார்டு இயந்திரம் சில நேரம் ‘பாட்டிலா, உங்கள் ஊர்ப் பணத்திலா’ என்று கேட்கும். ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல, கடைப் பக்கத்து நிறுவனம். பெரும்பாலும் அது மோசமான விகிதமாகவே இருக்கும். எப்போதும் பாட்டையே அழுத்த வேண்டும். கிளம்பும் முன்பே இதைப் பேசிவைத்திருந்தும் ஒருவர் மாற்றி அழுத்திவிட்டால், அந்தக் கூடுதலைப் பொதுவில் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து. தவிர்க்க முடியாத செலவுதான் பொது.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதி. சிங்கப்பூர்க்காரர் விடுதிக்குப் பணம் கட்டியது பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு என்று வைத்துக்கொள்வோம். அன்று டாலர் 25 பாட். பயணம் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் 24 பாட் ஆகிவிட்டது. மற்ற இருவரின் பங்கான 12,000 பாட் அன்றைக்கு 480 டாலர், இன்றைக்கு 500 டாலர். பாட் கணக்கில் கொடுத்தால் அவருக்கு 20 டாலர் லாபம். விகிதம் எதிர்ப்பக்கம் நகர்ந்திருந்தால் அவர் பணம் குறைந்திருக்கும். இரண்டுமே நியாயமில்லை. அந்த மூன்று மாதமும் அவர் நண்பர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறார், கொடுத்தது டாலரில். டாலரிலேயே திரும்பி வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு செலவையும் அது நடந்த நாளின் விகிதத்தில் எழுத வேண்டும். முன்பணத்தை மட்டும் பயணம் முடியும்வரை இழுக்காமல், கட்டிய வாரத்திலேயே பிரித்துத் தீர்த்துவிடுவது நல்லது. அப்போது விகிதம் எப்படிப் போனாலும் யாருக்கும் கவலையில்லை.

ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலிகள் வகுத்தல் வேலையைச் சுலபமாக்குகின்றன. ஆனால் அதில் டாலரில் போட்டது டாலர்ப் பாக்கியாகவும் ரூபாயில் போட்டது ரூபாய்ப் பாக்கியாகவும் தனித்தனியாக நிற்கும். ஒரே நண்பருக்கு நீங்கள் ரூபாய் தர வேண்டும், அவர் உங்களுக்கு டாலர் தர வேண்டும் என்று காட்டும். எந்தப் பணத்தில் எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து, மாற்றிய தொகையையே பதிவதுதான் வழி. பக்கத்தில் அசல் தொகையையும் தேதியையும் குறித்துவைத்தால் பிறகு யாரும் சரிபார்க்கலாம்.

கடைசியில் பாக்கியை அனுப்பும்போது இன்னொரு முறை கட்டணமும் மாற்று விகிதமும் கடிக்கும். இந்தியாவின் யுபிஐக்கும் சிங்கப்பூரின் பேநவ்வுக்கும் 2023 பிப்ரவரியில் இணைப்பு வந்தது. ஆனால் எல்லா வங்கியிலும் கிடையாது. அனுப்பாமலே தீர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தினமும் இரவு கணக்கைப் பார்த்து, யார் பின்தங்கி இருக்கிறாரோ அவர் மறுநாள் பில்களைக் கொடுத்தால் போதும். நம் உதாரணத்தில் கடைசி இரண்டு நாள் சாப்பாட்டையும் விமான நிலைய டாக்ஸியையும் துபாய்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய 4,774 பாட் பாக்கியில் பெரும்பகுதி அங்கேயே அடைந்திருக்கும். மிஞ்சுவதை ஒரே தடவையில் அனுப்பலாம். அனுப்பும் கட்டணத்தையும் பொதுச் செலவில் சேர்த்துவிட்டால், வர வேண்டியவருக்கு முழுத்தொகையும் போய்ச் சேரும்.