லிப்ரெரியில் புத்தகம் இரவல் கிடைக்காது

பிரான்சில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த ஒரு மாணவிக்கு, லியோன் நகரத்து வீட்டுக்காரர் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘லெ லொஜ்மான் எ அக்துயெல்மான் ஒக்குப்பே. இல் ஸெரா எவான்துயெல்மான் லிப்ர் ஆன் செப்தாம்ப்ர்.’ மாணவிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். முதல் வரியில் ‘ஆக்சுவலி’ தெரிகிறது, இரண்டாவதில் ‘ஈவென்சுவலி’ தெரிகிறது. உண்மையில் வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எப்படியும் செப்டம்பரில் காலியாகிவிடும் என்று புரிந்துகொண்டு விமான டிக்கெட் எடுத்துவிடுகிறாள்.

வீட்டுக்காரர் எழுதியது வேறு. வீட்டில் தற்போது ஆள் இருக்கிறார்கள். செப்டம்பரில் ஒருவேளை காலியாகலாம். அவ்வளவுதான். அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை.

இப்படி எழுத்தில் ஒத்து, பொருளில் பிரிந்து நிற்கும் சொற்களை பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபோஸமி’, அதாவது பொய் நண்பர்கள் என்கிறார்கள். மாக்ஸிம் கெஸ்லெர், ஜூல் தெரொக்கிஞி என்ற இருவர் 1928-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து பரவிய பெயர் இது.

அந்த மின்னஞ்சலில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாணவி தவறாகப் படித்த பிறகும் வாக்கியம் பொருத்தமாகவே இருந்தது. விபத்துச் செய்தி ஒன்றில் ‘ப்ளெஸ்ஸே’ என்று வந்தால், ஆங்கில ‘பிளெஸ்’ நினைவில் வந்து, ‘மூன்று பேர் ஆசீர்வதிக்கப்பட்டார்கள்’ என்று படித்து அங்கேயே திகைத்து நின்றுவிடுவோம். அகராதியைப் புரட்டினால் ‘காயமடைந்தார்கள்’ என்று தெரிந்துவிடும். விகாரமான தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ‘அக்துயெல்மான்’ அப்படியில்லை. ‘அவர் தற்போது பாரிசில் வசிக்கிறார்’ என்பதும் சரியான வாக்கியம், ‘அவர் உண்மையில் பாரிசில் வசிக்கிறார்’ என்பதும் சரியான வாக்கியம். வருடக்கணக்கில் பிரெஞ்சு படித்தவர்கள்கூட இந்தச் சொல்லில் மட்டும் தடுக்கி விழுவது இதனால்தான்.

இந்தச் சொற்கள் ஏன் இப்படிப் பிரிந்தன? 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. அடுத்த சில நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. வரும்போது பெரும்பாலும் பொருள் ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு மொழிகளும் தத்தம் வழியில் போயின.

‘லிப்ரெரி’ இதற்கு அழகான சாட்சி. இன்றைய பிரெஞ்சில் அது புத்தகக் கடை. நூலகத்துக்கு ‘பிப்லியோதெக்’ என்று பெயர். ஆங்கில ‘லைப்ரரி’யை மனதில் வைத்துக்கொண்டு லிப்ரெரிக்குள் நுழைபவர் புத்தகத்தை விலைக்குத்தான் வாங்க முடியும், இரவல் கேட்க முடியாது. ஆனால் பழைய பிரெஞ்சில் லிப்ரெரி என்பது புத்தகச் சேகரிப்புக்கும் பெயராக இருந்தது. ஐந்தாம் சார்ல் மன்னர் 14ஆம் நூற்றாண்டில் லூவ்ர் கோட்டையில் ஏற்படுத்திய நூலகத்தை லிப்ரெரி என்றுதான் அழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மோந்தேஞ் தன் கோபுரத்து நூலறையைச் சொல்வதும் இதே பெயரால்தான். ஆங்கிலம் அந்தப் பழைய பொருளோடு சொல்லை வாங்கி, இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறது. பிரெஞ்சில்தான் கிரேக்க வேரிலிருந்து வந்த பிப்லியோதெக் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, லிப்ரெரிக்குக் கடை மட்டும் மிஞ்சியது. பொய் நண்பன் என்றதும் ஆங்கிலம்தான் பிரெஞ்சைச் சிதைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே நகர்ந்தது பிரெஞ்சு.

மற்ற இரண்டிலும் பிரிவு நுட்பமானது. ‘அக்துயெல்’ என்பதன் லத்தீன் வேர் செயலைக் குறிக்கிறது. செயலில் இருப்பது மெய்யானது என்ற பக்கம் ஆங்கிலம் சாய்ந்தது. செயலில் இருப்பது இந்தக் கணத்தில் நடப்பது என்ற பக்கம் பிரெஞ்சு சாய்ந்தது. ‘எவான்துயெல்’ நிகழ்வைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் அது கடைசியில் நிகழ்ந்தே தீர்வது. பிரெஞ்சில் நிகழ்ந்தால் நிகழலாம் என்பது.

காரணம் தெரிந்தால் மட்டும் தவறு நிற்காது. படிக்கும் வேகத்தில் கண் முந்திக்கொள்கிறது. இந்தத் தவறு முக்கியமாகக் கண் செய்வது; காதுக்கு ‘அக்துயெல்மான்’ என்பதும் ‘ஆக்சுவலி’ என்பதும் அவ்வளவு ஒன்றாகக் கேட்பதில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, புதிய சொல்லை பிரெஞ்சு உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லிப் படிப்பது.

அடுத்தது, அந்தச் சொல்லை அதன் பிரெஞ்சுக் குடும்பத்தோடு சேர்த்துப் படிப்பது. பிரெஞ்சுத் தெருவில் ரொட்டிக் கடை ‘புலான்ஜெரி’, இறைச்சிக் கடை ‘பூஷெரி’, மளிகைக் கடை ‘எபிஸெரி’. கடைசியில் வரும் ‘எரி’ பல இடங்களில் கடையைக் குறிக்கிறது. இந்த வரிசையில் லிப்ரெரியை நிறுத்திவிட்டால் அதுவும் ஒரு கடை என்பது மறக்காது. பிப்லியோதெக்கை, திரைப்படங்களைச் சேர்த்துவைக்கும் ‘ஸினெமாதெக்’ பக்கத்தில் வைக்கலாம். அக்துயெல்மானுக்குத் துணை ‘அக்துயாலித்தே’, அதாவது நடப்புச் செய்தி.

மூன்றாவது வழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அக்துயெல்மான் என்பது ஆக்சுவலி இல்லை என்று மட்டும் படித்தால், பேசும்போது ஆக்சுவலிக்கு வேறு சொல் கைவசம் இருக்காது. நாக்கு பழைய சொல்லுக்கே திரும்பிவிடும். அதனால் காலியான இடத்தையும் நிரப்ப வேண்டும். ‘உண்மையில்’ என்பதற்கு ‘ஆன் ஃபெத்’, ‘கடைசியில்’ என்பதற்கு ‘ஃபினால்மான்’. இரண்டையும் ஒரே நாளில், சொந்த வாக்கியங்களில் எழுதிப் பழக வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுப்பவர்களும், கனடா குடியேற்றத்துக்காகப் படிப்பவர்களும் பெரும்பாலும் ஆங்கிலப் பொருளையே குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அங்கேதான் வினை. அக்துயெல்மானுக்கு எதிரே ‘தற்போது’, எவான்துயெல்மானுக்கு எதிரே ‘ஒருவேளை’, லிப்ரெரிக்கு எதிரே ‘புத்தகக் கடை’ என்று தமிழில் எழுதினால் ஆங்கிலச் சொல் நடுவில் வந்து குழப்பாது. தமிழ்–பிரெஞ்சு அகராதிகள் புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகியிருக்கின்றன. இந்த நேர்வழி புதிதல்ல.

ஒத்துத் தெரியும் சொல் எல்லாவற்றையும் சந்தேகிக்கவும் கூடாது. பெரும்பாலானவை உண்மையான நண்பர்களே. சில சொற்களோ பாதி நண்பர்கள்: ‘அசிஸ்தே’ நேராக ஒருவரைச் சுட்டி வந்தால் ஆங்கிலத்தைப் போல ‘உதவு’ என்று பொருள், பின்னால் ‘ஆ’ என்ற முன்னிடைச் சொல் வந்து, வகுப்போ கூட்டமோ தொடர்ந்தால் ‘கலந்துகொள்’ என்று பொருள். அங்கே பார்க்க வேண்டியது அடுத்த சொல்லை.

பொருள் நகர்வதும் நின்றுவிடவில்லை. ‘ரெயலிஸே’ என்றால் செய்து முடிப்பது. அதை ஆங்கிலம்போல ‘உணர்ந்துகொள்வது’ என்ற பொருளில் எழுதியதைத் தூய்மைவாதிகள் நெடுங்காலம் கண்டித்தார்கள். இன்று பிரெஞ்சுக்காரர்கள் சாதாரணமாகவே அப்படிப் பேசுகிறார்கள், அகராதிகளும் அந்தப் பொருளைத் தருகின்றன. எவான்துயெல்மானுக்கு பிரான்சில் அந்த நிலை வரவில்லை. எனவே வீட்டுக்காரரின் மின்னஞ்சலில் தேதியோ பணமோ இந்தச் சொல்லோடு சேர்ந்து வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன், செப்டம்பரில் வீடு காலியாவது உறுதியா என்று ஆம், இல்லை எனப் பதில் வரும்படி ஒரு வரி கேட்டு எழுதிவிட வேண்டும்.