ஞாயிறு முளைக்கும் குட்டிக் கேண்டில்

இந்தியப் பங்குச் சந்தை பிற்பகல் 3.30க்கு மூடுகிறது, நாள் கேண்டிலில் குழப்பமில்லை. மூடவே மூடாத பிட்காயினுக்கு, பெரும்பாலான சார்ட்டுகள் நம் நேரம் காலை 5.30க்கு, அதாவது யுடிசி நள்ளிரவில், நாளை முடிக்கின்றன.

வம்பு நாணயச் சந்தையில்தான். அங்கே வாரம் தொடங்குவது நியூயார்க்கில் ஞாயிறு மாலை 5 மணிக்கு. யுடிசி நள்ளிரவில் நாளை வெட்டும் சார்ட்டில், ஞாயிறுக்கென்று இரண்டு மூன்று மணி நேரக் குட்டிக் கேண்டில் முளைக்கும். அது சிவப்பாக இருந்தால், திங்களின் பச்சைக் கேண்டில் சுலபமாக விழுங்கிவிடும். ‘புல்லிஷ் எங்கல்ஃபிங்’ என்று வாங்கக் கிளம்புவார்கள்!

நியூயார்க் மாலை 5 மணிக்கு வெட்டும் சார்ட்டில் அந்த நேரம் திங்களுக்குள் அடங்கிவிடும். விழுங்க வேண்டியது வெள்ளியின் முழுக் கேண்டிலை. அது அத்தனை எளிதல்ல. உங்கள் சார்ட்டில் வாரத்துக்கு ஆறு கேண்டிலா, ஐந்தா என்று எண்ணினாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.