டோஸுக்கு இரண்டு கட்டம்

அம்மாவின் சிறுநீரகத்தைத் தம்பிக்குப் பொருத்திய மூன்றாவது மாதத்திலேயே அவனுடைய ஃபைலை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு ரிவியூ, பிறகு வாரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு லேப் தாள், ஒரு ஓபி சீட்டு. டாக்ரோலிமஸ் அளவு மட்டும் மறுநாள் மாலைதான் வரும். அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் டோஸை மாற்றினால், கோஆர்டினேட்டர் போனில் சொல்வார். அந்த மாற்றம் எந்தத் தாளிலும் இருக்காது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் ஒரு நீள நோட்டில் கோடு போட்டேன்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் வேற்றுப்பொருளாக எண்ணித் தாக்காமல் இருக்கத் தம்பி மூன்று மருந்து சாப்பிடுகிறான்: டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன். இவற்றில் ரிவியூதோறும் ரத்தத்தில் அளந்து பார்ப்பது டாக்ரோலிமஸை. அது குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்துக்குக் கெடுதல், கையும் நடுங்கும். நடுவில் இருக்கும் இடைவெளி குறுகியது. ஒரே டோஸ் ஒருவருக்கு ஒரு அளவையும் இன்னொருவருக்கு வேறு அளவையும் தரும் என்பதால், மாத்திரையை எண்ணினால் போதாது, ரத்தத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்த இலக்கு 8 முதல் 10.

என் முதல் அட்டவணையில் நான்கே கட்டங்கள்: தேதி, டாக்ரோ அளவு, கிரியாட்டினின், டோஸ். அதில் ஒரு பெரிய பிழை இருந்தது. பதினோராவது வாரம் அளவு 16.9 வந்தது, டோஸை 3+3 மில்லிகிராமிலிருந்து 2+2 ஆகக் குறைக்கச் சொன்னார்கள். அந்த வரியின் டோஸ் கட்டத்தில் 2+2 என்று எழுதினேன். பதின்மூன்றாவது வாரம் அளவு 5.6, டோஸைத் திரும்பவும் 3+3 ஆக்கினார்கள். அங்கே 3+3 என்று எழுதினேன். பிறகு பார்த்தால், குறைந்த டோஸில் 16.9, கூடின டோஸில் 5.6 என்று தலைகீழாக நின்றது. எழுதிய எண் எதுவும் தவறில்லை. ஆனால் ரத்தத்தில் இருக்கும் அளவு, அதுவரை சாப்பிட்டு வந்த டோஸின் விளைவு. புது டோஸின் விளைவு அடுத்த வரியில்தான் தெரியும். ஆகவே டோஸுக்கு இரண்டு கட்டம் வேண்டும். திருத்தி எழுதிய பக்கம் இது:

| வாரம் | சாப்பிட்டு வந்த டோஸ் | டாக்ரோ அளவு | கிரியாட்டினின் | பிறகு மாற்றிய டோஸ் | நடந்தது |
|---|---|---|---|---|---|
| 10 | 3+3 | 8.1 | 1.2 | மாற்றம் இல்லை | வாயில் வெள்ளைப் படலம். அன்று இரவு முதல் ஃப்ளூகோனசோல், 14 நாள் |
| 11 | 3+3 | 16.9 | 1.5 | 2+2 (மறுநாள் இரவு முதல்) | கை நடுக்கம் |
| 12 | 2+2 | 10.8 | 1.3 | மாற்றம் இல்லை | ஃப்ளூகோனசோல் முடிந்தது |
| 13 | 2+2 | 5.6 | 1.2 | 3+3 (மறுநாள் இரவு முதல்) | வேறு மருந்து இல்லை |
| 14 | 3+3 | 8.3 | 1.2 | மாற்றம் இல்லை | |

கடைசிக் கட்டத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 3+3க்கு ஒரு வாரம் 8.1, அடுத்த வாரம் 16.9. 2+2க்கு 10.8, பிறகு 5.6. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லையோ என்று சந்தேகம் வரும். தம்பி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வாய்ப் படலத்துக்காக வீட்டுப் பக்கத்து மருத்துவரிடம் வாங்கிய ஃப்ளூகோனசோல்தான் காரணம். டாக்ரோலிமஸைக் கல்லீரலும் குடலும் சிதைத்து வெளியேற்றும். பூஞ்சைக்கான இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுக்கும். மருந்து ரத்தத்திலேயே தேங்கி அளவு ஏறும். நிறுத்திய சில நாளில் பழைய நிலை திரும்பும். அப்போது குறைத்து வைத்த டோஸ் போதாமல் போகும். பதின்மூன்றாவது வரி காட்டுவது அதைத்தான். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேரெதிர், அளவை மளமளவென்று இறக்கிவிடும். வயிற்றுப்போக்கும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றக்கூடியது. அதனால் சளி, பேதி, புது மாத்திரை, கம்பெனி மாறிய மாத்திரை என எதுவானாலும் அந்தக் கட்டத்தில் ஏறும்.

கிரியாட்டினினுக்கு வருகிறேன். லேப் தாளில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ வரம்பை நான் இப்போது பார்ப்பதே இல்லை. தம்பிக்கு நிலைத்து நிற்கும் அளவு 1.2. அதிலிருந்து 1.5 என்பது கால் பங்கு ஏற்றம். அவனுக்கு அது பெரிய செய்தி. வேறொருவருக்கு 1.5 தான் வழக்கமான அளவாக இருக்கும். அந்த ஏற்றத்துக்குப் பொருள் சொல்வது பக்கத்துக் கட்டம். டாக்ரோ அளவும் சேர்ந்து ஏறியிருந்தால் மருந்து கூடியதன் பாதிப்போ என்று பார்ப்பார்கள். அளவு இறங்கி கிரியாட்டினின் ஏறியிருந்தால் நிராகரிப்பு பற்றிய கவலை. முன்னதற்கு டோஸைக் குறைப்பார்கள், பின்னதற்குக் குறைத்தால் ஆபத்து. அளவு சரியாக இருந்தும் நிராகரிப்பு வருவதுண்டு. வைரஸ் தொற்றாலும் கிரியாட்டினின் ஏறும். அதைப் பிரித்தறிய சில சமயம் பயாப்ஸிதான் வழி. எங்கள் நோட்டைப் பார்த்து நாங்களாக ஒரு அரை மில்லிகிராம்கூட மாற்றியதில்லை.

இங்கே இடமில்லாமல் விட்ட இன்னொரு கட்டம் நோட்டில் உண்டு: கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுத்ததற்கும் எத்தனை மணி நேரம். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால், காலை ஒன்பதுக்கு, அடுத்த மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் மருந்து அடிமட்டத்தில் நிற்கும். இலக்காகச் சொல்லும் எண் அந்த அடிமட்டத்துக்கு உரியது. ஒருநாள் தம்பி பழக்கத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போய்விட்டான். வந்த எண் 19. “அக்கா, இதை எழுதாதே” என்றான். எழுதினேன், பக்கத்திலேயே ‘மாத்திரைக்குப் பின் எடுத்தது, ஒப்பிட வேண்டாம்’ என்றும் எழுதினேன். பஸ் தாமதமாகிப் பதினைந்து மணி நேரம் கழித்து எடுத்தால், அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதையும் குறித்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சின்னதாக இரண்டு விஷயம். லேப் தாளில் ரத்தம் எடுத்த தேதி, ரிப்போர்ட் அடித்த தேதி என்று இரண்டு இருக்கும். முதலாவதைத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் டோஸ் மாறிய நாள் முன்பின்னாகிவிடும். பரிசோதனை செய்யாத வாரத்தில் ‘எடுக்கவில்லை’ என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் எழுத மறந்ததா, எடுக்கவே இல்லையா என்று ஆறு மாதம் கழித்து நமக்கே தெரியாது. லேபை மாற்றினால் அதன் பெயரும் வேண்டும், ஏனென்றால் அளக்கும் முறை மாறினால் டாக்ரோ எண்ணும் கொஞ்சம் மாறும்.

போன மழைக்காலத்தில் தம்பிக்குத் தொண்டையில் தொற்று. வெளியூரில் இருந்தான். அங்கிருந்த மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதினார். அதுவும் ஃப்ளூகோனசோல் மாதிரியே டாக்ரோலிமஸைத் தேங்க வைக்கும் மருந்து. தம்பி போனில் படம் எடுத்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, பத்தாவது வரியையும் பதினோராவது வரியையும் காட்டியிருக்கிறான். அவர் இரண்டு வரியையும் படித்துவிட்டு, எழுதிய சீட்டை வாங்கி அடித்து வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைய வரியில் தம்பி தன் கையாலேயே அந்த மாத்திரையின் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் எழுதினான்.