ஐந்தாம் பிறந்தநாளுக்கு உறவினர்களுக்கு எழுதிய கடிதம்

எங்கள் மகளின் நான்காம் பிறந்தநாள் மருத்துவமனையில் கழிந்தது. அவளுக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கண்டறிந்து அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அன்று உறவினர்கள் கொண்டுவந்த பொம்மைகள் 14. அவற்றுள் பெரும்பாலானவை பஞ்சடைத்தவை. தூசியும் கிருமியும் தங்கும் என்பதால் செவிலியர் அவற்றை உள்ளே அனுமதிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆளுயரக் கரடியைச் சுமந்து வந்த பெரியப்பா, அதை மீண்டும் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை நாங்கள் சன்னல் வழியே பார்த்தோம். முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை.

இவ்வாண்டு அவள் வீட்டிலிருந்தபடியே பராமரிப்புச் சிகிச்சை பெறுகிறாள். பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கீழ்க்காணும் கடிதத்தை அனுப்பினோம்.

“அன்புள்ள அனைவருக்கும் வணக்கம். குழந்தைக்கு ஐந்து வயது நிறைகிறது. இம்முறை பொம்மைகள் வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். துவைக்கத்தக்க துணிப்பொம்மை ஒன்று அவளிடம் உள்ளது. வாரந்தோறும் அதைத் துவைத்துக் காயவைக்கிறோம். அதற்குமேல் எங்களால் இயலவில்லை. விரும்புவோர் ஒரு புத்தகம் தாருங்கள். அல்லது அவளுடன் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்றைப் பரிசாகச் சொல்லுங்கள். நாளை மட்டும் இப்போதே குறித்துவிட வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர்களும், அண்மையில் அம்மை கண்ட வீட்டுக்குச் சென்றுவந்தவர்களும் தொலைபேசியில் வாழ்த்தினால் போதும், வருத்தப்பட மாட்டோம்.”

கடிதத்தை அனுப்பிய இரவே பெரியப்பா அழைத்தார். “பிறந்தநாளுக்கு வெறுங்கையோடு வரச் சொல்கிறாயா?” என்றார். எந்தப் புத்தகம் என்று கேட்டால் சொல்கிறோம் என்றோம். அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

மருந்தேறும் நாட்களில் குழந்தையின் ஒரு கையில் ஊசிக்குழாய் இருக்கும். பெரிய அட்டைப் புத்தகத்தை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது. விரித்தால் எழும் காகித வடிவங்கள் உள்ள புத்தகங்கள் இரண்டே நாளில் கிழிந்துபோயின. மெல்லியதாய், விரித்தால் தானே விரிந்து நிற்பதாய், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகளே உள்ளதாய் இருப்பதுதான் உதவியது. ஈரத்துணியால் துடைக்கத்தக்க வழவழப்பான தாள் இன்னும் நன்று. பூஞ்சை மணம் வீசும் பழைய புத்தகங்களை நாங்கள் வாங்குவதில்லை. நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா ஆகியோர் வெளியிடும் தமிழ்ப் படக்கதைகளைப் பெரியப்பாவுக்குப் பரிந்துரைத்தோம். அவர் மூன்று வாங்கினார். அதோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் தம் குரலில் படித்துப் பதிவு செய்தும் அனுப்பினார். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் ஒரு கனைப்பு! எங்கள் இருவர் குரலும் ஓய்ந்துபோகும் நேரங்களில் அக்கனைப்பு பெரிதும் துணைநின்றது.

மாமா தந்த பரிசு, பறக்கும் ரயிலில் ஒரு பயணம். மருத்துவரிடம் கேட்டபோது, கூட்டமில்லாத நேரமும் அவ்வாரப் பரிசோதனையில் இரத்த அணுக்கள் போதுமான அளவும் இருந்தால் போகலாம் என்றார். ஞாயிறு காலை என முடிவாயிற்று. ஆனால் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்கள் 500க்குக் கீழே இறங்கியிருந்தன. மறுநாள் மாலை உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டது. இந்நிலையில் அந்த அளவு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கலாகாது. வீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து மறைக்கவும் கூடாது. உடனே மருத்துவமனைக்கு விரைந்தோம். ஐந்தாம் பிறந்தநாளும் அங்கேயே கழிந்தது.

ஆயினும் முன்பணம் கட்டிய மண்டபமோ, தேதியிட்ட நுழைவுச்சீட்டோ எதுவும் இல்லாததால், பரிசு எதுவும் வீணாகவில்லை. “ரயில் எங்கே போய்விடும்?” என்று மாமா சிரித்தார். நாள் குறிக்க வேண்டாம் என்று எழுதியபோது எங்கள் மனத்தில் இருந்த அச்சம் இதுதான். படுக்கையில் அவள் பெரியப்பாவின் கனைப்புக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரங்கள் கழித்து, அணுக்கள் ஏறிய பின்னர், வேளச்சேரியில் ரயில் ஏறினோம். பெட்டியில் எங்களைத் தவிர நான்கைந்து பேரே இருந்தனர். கோட்டூர்புரத்தைத் தாண்டி அடையாற்றின் மேல் ரயில் சென்றபோது, முகக்கவசத்தோடு சன்னலில் ஒட்டிக்கொண்டவள் சேப்பாக்கம் வரும்வரை திரும்பவில்லை. ஐந்து வயது நிறைந்துவிட்டதால், அவளுக்கென்று முதன்முதலாக ஓர் அரை டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அதை மாமாவிடமிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். பாட்டி சொன்ன கொழுக்கட்டை பிடிக்கும் நாள் இன்னும் நிலுவையில் உள்ளது; அடுத்த பரிசோதனை முடிவு வரட்டும் என்றிருக்கிறோம்.