பேரம் இல்லை! பணிவாகச் சொல்வது எப்படி?

பழைய தையல் மிஷினை விற்க ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"தையல் மிஷின். விலை ரூ.4,000. பேரம் பேசுகிறவன் வராதே! சும்மா பார்க்க வந்து என் நேரத்தை வீணாக்காதே!"

பேரம் பேசுபவரை விரட்டப் போய், பணத்தோடு வருபவரையும் இது விரட்டிவிடும். மிஷின் எப்படி இருக்கிறது என்றும் தெரியவில்லை.

இதையே இப்படி எழுதலாம்:

"காலால் மிதிக்கும் தையல் மிஷின். நன்றாக ஓடுகிறது. மேல் பலகையில் ஒரு கீறல் உண்டு. அதைக் கணக்கிட்டே விலை வைத்திருக்கிறேன். விலை ரூ.4,000. பேரம் இல்லை. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், போன் செய்துவிட்டு வாருங்கள். தைத்துப் பார்த்து வாங்கலாம்."

கண்டிப்பு குறையவில்லை. "வராதே" என்பது "போன் செய்துவிட்டு வாருங்கள்" என்று மாறியிருக்கிறது. கீறலை முன்பே சொல்லிவிட்டதால், அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லவும் வழியில்லை.

ஆனால், பணிவு என்று நினைத்து "பேரத்தைத் தவிர்த்தால் நல்லது" என்று எழுதாதீர்கள். "அவசரமாக விற்கிறேன்" என்பதும் வேண்டாம். இரண்டுமே, "கேட்டுத்தான் பார்ப்போமே" என்ற எண்ணத்தை உண்டாக்கும்.

"பேரம் இல்லை" என்று விலைக்குப் பக்கத்தில் ஒரு முறை எழுதுங்கள். அது போதும்.