எல்-2 என்று எழுதியிருந்தால் போதுமா?

மென்பொருள் நிறுவனத்துக்கு வரும் புகாரை முதலில் எடுப்பவர் எல்-1. அவரால் தீர்க்க முடியாதது எல்-2வுக்குப் போகும். நிரலிலேயே கோளாறு என்றால் எல்-3 அல்லது டெவலப்பர்கள் பார்ப்பார்கள். ஆனால் இந்தப் படிகளுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஓரிடத்தில் எல்-2 செய்யும் வேலையை இன்னோரிடத்தில் எல்-1 செய்துகொண்டிருப்பார். அதனால் ரெஸ்யூமேயில் தேட வேண்டியது எண்ணை அல்ல. எது வரை அவரே முடித்தார், எதை மேலே அனுப்பினார், என்ன ஆதாரத்தோடு அனுப்பினார் என்பதை.

ஒரு விளம்பரத்தை வைத்துப் பார்ப்போம். எல்-2 பணி. எல்-1 அனுப்பும் டிக்கெட்டுகளை எடுத்து, பிழையைத் தன் கணினியில் மறுபடி வரவழைத்து, லாக் படித்து, டெவலப்பர்களுக்கு ஜிராவில் பதிய வேண்டும். வாடிக்கையாளர் டிக்கெட்டுகள் ஜென்டெஸ்க்கில். நாலெட்ஜ் பேஸ் கட்டுரைகளும் எழுத வேண்டும்.

முதல் ரெஸ்யூமே சொல்கிறது: "எல்-2 இன்ஜினியர். தினமும் 40 டிக்கெட் முடித்தேன். ஜென்டெஸ்க், ஜிரா, சர்வீஸ்நவ் தெரியும். 50 கட்டுரைகள் எழுதினேன்." கேட்டதெல்லாம் இருப்பதுபோல் தெரிகிறது. 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். 40 டிக்கெட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 12 நிமிடம். லாக் படித்து, பிழையை வரவழைத்துப் பார்க்க அந்த நேரம் பெரும்பாலும் போதாது. பாஸ்வேர்டு மாற்றுவது, அனுமதி கொடுப்பது போன்ற வேலையாகவே அது இருக்கக்கூடும்.

இரண்டாமவர் தன்னை எல்-1 என்றுதான் எழுதியிருக்கிறார். "ரிப்போர்ட் இறங்காத புகார்களின் லாகை ஒப்பிட்டு, குறிப்பிட்ட நேர மண்டலத்தில் மட்டும் பிழை வருவதைக் கண்டேன். படிகளோடு டெவலப்பர்களுக்குப் பதிந்தேன். அவர்கள் சரிசெய்யும்வரை எல்-1 பயன்படுத்த மாற்றுவழிக் கட்டுரை எழுதினேன். பல டிக்கெட்டுகள் அதை வைத்தே மூடப்பட்டன." விளம்பரம் கேட்ட மூன்று வேலைகளும் ஒரே சம்பவத்தில் வந்துவிட்டன. ஆனால் அவர் பயன்படுத்தியது ஃப்ரெஷ்டெஸ்க், ஜென்டெஸ்க் இல்லை.

அது பெரிய குறையா? டிக்கெட் எடுத்து, பதில் எழுதி, மூடுவதற்கு மட்டும் என்றால் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் சீக்கிரமே பழகிவிடலாம். புகார்கள் தானாகப் பிரியும் விதிகளை அமைக்கும் பொறுப்பும் பணியில் சேர்ந்திருந்தால் கதை வேறு. அதைச் செய்தவரையும் வெறுமனே பயன்படுத்தியவரையும் "ஜென்டெஸ்க் தெரியும்" என்ற ஒரே வரி ஒன்றாக்கிவிடும்.

கட்டுரைக் கணக்கும் அப்படித்தான். அறிவு சார்ந்த சேவைக்கான கேசிஎஸ் முறையில், டிக்கெட்டைத் தீர்க்கும்போதே கட்டுரையைப் பதிந்து, அடுத்தவர் எடுக்கும்போதெல்லாம் திருத்த வேண்டும். எனவே 50 என்ற எண்ணிக்கையைவிட, எத்தனை டிக்கெட்டில் அந்தக் கட்டுரைகள் இணைக்கப்பட்டன என்பது கூடுதலாகச் சொல்லும்.

முதலாமவரை இதனால் ஒதுக்கிவிடக் கூடாது. நல்ல வேலை செய்தும் எழுதத் தெரியாதவர்கள் நிறையப் பேர். தொலைபேசியில் அவரிடம் கேட்கலாம்: "கடைசியாக டெவலப்பர்களுக்கு அனுப்பிய டிக்கெட்டில் என்னென்ன இணைத்தீர்கள்? அவர்கள் திருப்பி அனுப்பினார்களா?"